கெடு தப்பும் முன்: டிக்கெட் மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சில அறிவுரைகள்

பாண்டியில் உட்கார்ந்து பிரான்சு வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனிக்கும் மேசைகள் சில உண்டு. பிரெஞ்சு படித்த பிள்ளைகள் இந்த ஊரில் கிடைப்பதால் வந்த வேலை இது. அப்படி ஒரு மேசைக்கு இந்த மாதம் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எஸ்.எல்.ஏ. கடிகாரத்தைத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பார்க்க ஒரு நாளில் பழகிவிடுவீர்கள். அந்த நிறம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரே ஒரு டிக்கெட்டைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்தொடர்வோம்.

1. ஒவ்வொரு டிக்கெட்டிலும் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் பதிலுக்கு ஒரு கெடு, பிரச்சினையைத் தீர்க்க இன்னொரு கெடு. முதல் கடிகாரம் ஒரு மனிதர் வாடிக்கையாளருக்கு எழுதும்போது நிற்க வேண்டும். “உங்கள் புகார் கிடைத்தது” என்று இயந்திரம் அனுப்பும் மடல் அதில் சேராது. சக ஊழியருக்கு உள்ளே எழுதி வைக்கும் குறிப்பும் சேராது. சிலர் முதல் கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே “பார்க்கிறோம்” என்று ஒரு வரி தட்டிவிடுவார்கள். எண் பச்சையாகும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. முதல் பதிலில் யார் பார்க்கிறார், அடுத்த தகவல் எப்போது வரும், வாடிக்கையாளர் என்ன அனுப்ப வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும்.

2. எந்த ஊர் காலண்டரில் மணி ஓடுகிறது என்று கேளுங்கள்.

இந்த வேலையில் நான் பார்த்த பெரிய குழப்பங்கள் பாதிக்கு மேல் இங்கேதான் பிறந்தன. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

லியோனில் ஒரு கடை. பில் போடும் மென்பொருள் அச்சடிக்க மறுக்கிறது. 2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிரான்சு நேரம் மாலை 4.20-க்கு டிக்கெட் வருகிறது. கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர இடைவெளி, ஆகவே இங்கே இரவு 7.50. ஒப்பந்தப்படி வேலை நேரம் பிரான்சு காலை 9 முதல் மாலை 6 வரை. முதல் பதில் 1 மணி நேரத்தில், தீர்வு 8 வேலை மணி நேரத்தில்.

முதல் பதிலுக்குக் கெடு அங்கே மாலை 5.20, இங்கே இரவு 8.50. அதில் சிக்கல் இல்லை. தீர்வுக் கணக்கைப் பாருங்கள். புதன்கிழமையில் மிச்சம் 1 மணி 40 நிமிடம். வியாழன் ஆகஸ்ட் 15, பிரான்சில் மாதாவின் விண்ணேற்புத் திருநாள் விடுமுறை. வெள்ளி காலை 9-க்கு மறுபடி மணி ஓடத் தொடங்குகிறது. மீதி 6 மணி 20 நிமிடம் முடியும்போது வெள்ளி மாலை 3.20. நம் ஊரில் 6.50. கெடு அதுதான்.

இப்போது அலுவலகத்தில் யாரோ மென்பொருளில் விடுமுறைப் பட்டியலை ஏற்றும்போது புதுச்சேரி அரசின் பட்டியலை ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 நமக்கும் விடுமுறை, சுதந்திர தினம். அதனால் வியாழக்கிழமைக் கணக்கு தற்செயலாகச் சரியாகவே வரும். ஆனால் ஆகஸ்ட் 16-ம் இங்கே விடுமுறை. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் மட்டும்தான் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. இந்த ஊரின் விவகாரத்திலும் முதல் பதிலுக்கும் தீர்வுக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு வருடம் ஓடியிருக்கிறது. பிரான்சுக்கு அந்த 16 சாதாரண வேலை நாள். வியாழன் விடுமுறை என்பதால் வெள்ளியையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே நிறைய உண்டு என்பது உண்மைதான். அது அவரவர் விடுப்பு. ஒப்பந்தத்தின் காலண்டரை அது மாற்றாது.

ஆக, தவறான பட்டியலோடு ஓடும் கடிகாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் தாண்டி, திங்கள் மாலை 3.20-ஐக் கெடுவாகக் காட்டும். வெள்ளி மாலை வாடிக்கையாளர் பக்கம் கெடு தவறிவிட்டது, நம் திரையில் எல்லாம் பச்சை. எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் இயந்திரத்தைப் பொறுத்தவரை எச்சரிக்க எதுவும் இல்லை. மாதக் கடைசியில் வாடிக்கையாளர் தன் கணக்கை அனுப்பும்போதுதான் இரண்டு எண்ணும் ஒட்டவில்லை என்று தெரியவரும்.

இதைச் சோதிக்கிறேன் என்று ஆகஸ்ட் 15-க்கும் நவம்பர் 1-க்கும் டிக்கெட் போட்டுப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள், அவர்களுக்குப் புனிதர் அனைவர் திருநாள். இரண்டு தேதியிலும் இரண்டு பட்டியலும் ஒரே விடை தரும். சோதிக்க வேண்டிய தேதிகள் வேறு: பொங்கல், ஆகஸ்ட் 16, தீபாவளி ஆகியவை நமக்கு மட்டும். மே 8, ஜூலை 14, நவம்பர் 11 அவர்களுக்கு மட்டும். ஜூலை 14-ஐப் பாண்டியிலும் கொண்டாடுகிறார்களே என்று குழம்பாதீர்கள், இங்கே அன்று அலுவலகம் உண்டு. வாடிக்கையாளர் ஸ்திராஸ்பூர் பக்கம் இருந்தால் இன்னும் ஒரு படி போக வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் பெரிய வெள்ளியும் டிசம்பர் 26-ம் கூடுதல் விடுமுறை. சில ஒப்பந்தங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் வேலை நேரத்திலிருந்து கழித்திருப்பார்கள், அதையும் படித்துப் பார்த்து ஏற்றுங்கள்.

ஃப்ரெஷ்டெஸ்க், சோஹோ டெஸ்க், சென்டெஸ்க், ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்று எதை எடுத்தாலும் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வைக்க இடம் இருக்கிறது. எந்த வாடிக்கையாளருக்கு எந்தப் பட்டியல் என்று தீர்மானிப்பது மட்டும் நம் பொறுப்பு.

3. மூன்றரை மணி நேரம் எப்போதும் மூன்றரை மணி நேரமாக இருக்காது.

அக்டோபர் கடைசி ஞாயிறு பிரான்சு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும், மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி முன்னால் இழுக்கும். குளிர்காலத்தில் இடைவெளி நாலரை மணி. அவர்களுடைய 9 முதல் 6 வரை, கோடையில் நமக்கு மதியம் 12.30 முதல் இரவு 9.30. குளிர்காலத்தில் 1.30 முதல் 10.30. மென்பொருளில் நேர மண்டலத்தை `+02:00` என்று எண்ணாக எழுதாமல் `Europe/Paris` என்று பெயராக எழுதுங்கள். எண் மாறாது, பெயரோடு மாற்றமும் சேர்ந்து வரும். ஷிஃப்ட் பட்டியலை யாராவது கையால் மாற்ற வேண்டும், அதை எந்தப் பெயரும் செய்யாது. இரவுப் பேருந்துக்கு ஓடும் பெண்பிள்ளைகள் இருக்கும் ஷிஃப்ட் என்றால், இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

4. எச்சரிக்கையைச் சதவீதத்தில் வைக்காதீர்கள்.

நேரத்தில் 75 சதவீதம் போனதும் மணி அடி என்று பெரும்பாலான மேசைகளில் வைத்திருப்பார்கள். சொல்ல எளிது, அதனால் நிலைத்துவிட்டது. அரை மணி நேரக் கெடுவில் 75 சதவீதம் போனால் மிச்சம் ஏழரை நிமிடம். டிக்கெட்டைத் திறந்து, முன்கதையைப் படிக்கவே அது போதாது. ஐந்து வேலை நாள் கெடுவில் அதே சதவீதம் ஒரு நாளுக்கு மேல் மிச்சம் வைக்கும். அவ்வளவு சீக்கிரம் அடிக்கும் மணியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஒரு மாதம் அப்படிப் போனால், உண்மையில் அவசரமான மணியையும் பொருட்படுத்த மாட்டார்கள்.

சரியான கேள்வி இது: இனிமேல்தான் யாரோ இதைக் கையில் எடுக்கிறார் என்றால், முடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை வகைவாரியாகப் பிரித்து, நிஜமாகக் கை வைத்து வேலை செய்த நேரத்தை எடுங்கள். சராசரியை நம்ப வேண்டாம், பத்தில் எட்டு டிக்கெட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்று பாருங்கள். ஆளைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொல்ல ஆகும் நேரத்தை அதோடு கூட்டுங்கள். கெடுவுக்கு அவ்வளவு நேரம் முன்னால் மணி அடிக்க வேண்டும்.

நம் லியோன் டிக்கெட்டுக்கு வருவோம். புதன் மாலை பிரான்சு 5.05-க்கு நம் பெண் ஒருத்தி ஒழுங்கான முதல் பதில் எழுதி, அச்சுப் பிழையின் பதிவுக் கோப்பைக் கேட்டாள். டிக்கெட் வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறது, அதனால் தீர்வுக் கடிகாரம் நிற்கிறது. அதுவரை ஓடியது 45 நிமிடம், மிச்சம் 7 மணி 15 நிமிடம். வெள்ளி காலை 10.10-க்குக் கடைக்காரர் கோப்பை அனுப்புகிறார். கெடு இப்போது வெள்ளி மாலை 5.25-க்கு நகர்ந்துவிட்டது. நமக்கு இரவு 8.55.

இந்த வகை வேலைக்கு இரண்டரை மணி, ஆள் தேட அரை மணி, மொத்தம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணி அடிக்க வேண்டியது அங்கே 2.25, இங்கே மாலை 5.55. பழைய 75 சதவீத விதிப்படி இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும்போது, அதாவது இங்கே 6.55-க்கு அடித்திருக்கும். ஒரு மணி நேரம்தானே வித்தியாசம் என்று தோன்றும். விடுமுறை நாளிலும் முறை வைத்து வந்திருக்கும் டெவலப்பர்கள் மாலை 6.30-க்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் அவர்கள் இருக்கையில் இருந்த கடைசி அரை மணியும் போய்விட்டது.

கெடு ஓடுவது வாடிக்கையாளரின் காலண்டரில். எச்சரிக்கையோ, உதவ வேண்டியவரின் காலண்டருக்கும் பொருந்தியாக வேண்டும். கோடையில்கூட பிரான்சின் வேலை நாளில் கடைசி மூன்று மணி நேரம் பாண்டியில் அலுவலகம் காலியான பிறகுதான் ஓடுகிறது. ஆகவே தினமும் மாலை 5.30-க்கு ஒரு தனிப் பட்டியல் எடுங்கள்: இன்று இரவுக்குள்ளோ, நாளை அவர்கள் கடை திறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளோ கெடு முடிகிற டிக்கெட்டுகள், அவற்றில் டெவலப்பர் கை பட வேண்டியவை எவை. ஐந்து நிமிட வேலை. எந்த மென்பொருளின் எச்சரிக்கையைவிடவும் இது அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

5. மணி ஒருவர் காதில் விழட்டும்.

குழு மின்னஞ்சலுக்குப் போகும் எச்சரிக்கையைப் பத்துப் பேரும் பார்ப்பார்கள், பத்துப் பேரும் மற்றவர் எடுப்பார் என்று நினைப்பார்கள். முதல் எச்சரிக்கை டிக்கெட்டின் சொந்தக்காரருக்கு மட்டும். அவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். குறித்த நேரத்துக்குள் அழுத்தவில்லை என்றால் அடுத்த மணி ஷிஃப்ட் லீடுக்கு. டிக்கெட்டுக்குச் சொந்தக்காரரே இல்லை என்றால் நேராக லீடுக்கு. நம் கதையில் வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 16, அலுவலகமே விடுமுறை. அன்று முறை வைத்து வேலைக்கு வந்திருப்பவர் யாரோ, அவர் தொலைபேசியில்தான் மணி அடிக்க வேண்டும். விடுமுறையில் இருப்பவரின் பெயரில் டிக்கெட் கிடந்தால் முதல் நாள் மாலையே பெயரை மாற்றுங்கள்.

6. காத்திருப்பு நிலையைக் கண்காணியுங்கள்.

கடிகாரத்தை நிறுத்தும் வசதி நியாயமானது. பதிவுக் கோப்பு இல்லாமல் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, கடைக்காரர் அனுப்பாத நேரத்துக்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் கெடுவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது “உங்கள் பதிப்பு எண்ணை மறுபடி உறுதி செய்யவும்” என்று ஒரு கேள்வி போய், கடிகாரம் நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிப்பு எண் முதல் மடலிலேயே இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. கடைசிப் பத்து சதவீத நேரத்தில் தொடங்கிய நிறுத்தங்களை மட்டும் வடிகட்டி எடுத்து, அந்தக் கேள்விகளை வாரம் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். யார் வழக்கமாக அப்படிச் செய்கிறார், எந்த வகை டிக்கெட்டில் செய்கிறார் என்று தானே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஆள் மோசமில்லை, அந்த வகை டிக்கெட்டுக்குக் கொடுத்த கெடுதான் நடக்காத கெடுவாக இருக்கும். திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

இதே நிலையில் ஒரு நுட்பமான பழுதும் ஒளிந்திருக்கிறது. எச்சரிக்கை அடித்த பிறகு கடிகாரம் நிற்கிறது. இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் பதில் எழுதுகிறார், இருபது நிமிடம் மிச்சத்தோடு கடிகாரம் மறுபடி ஓடுகிறது. “ஏற்கெனவே எச்சரித்தாயிற்று” என்ற குறிப்பு அழியாமல் இருந்தால் மணி இரண்டாம் முறை அடிக்காது. நிறுத்தம் முடிந்து கடிகாரம் ஓடும் ஒவ்வொரு முறையும் கெடுவையும் எச்சரிக்கை நேரத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, பழைய குறிப்பை அழிக்க வேண்டும். மூடிய டிக்கெட்டை வாடிக்கையாளர் மறுபடி திறக்கும்போதும், அவசர நிலையைச் சாதாரணத்திலிருந்து உயர்த்தும்போதும் இதேதான். உயர்த்திய நொடியிலேயே கெடு தவறியதாகச் சிவப்பு எரியலாம். புதிய கெடுவை டிக்கெட் பிறந்த நேரத்திலிருந்து எண்ணுவதா, உயர்த்திய நேரத்திலிருந்து எண்ணுவதா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

7. மணி அடிக்கும் நிரலை நீங்களே எழுத நேர்ந்தால்.

மிச்ச நேரத்தை நிமிடம் நிமிடமாகக் குறைத்துக்கொண்டே போகும் எண்ணாகச் சேமிக்காதீர்கள். தொடங்கியது, நின்றது, மறுபடி ஓடியது என்ற நிகழ்வுகளைச் சேமித்து, அவற்றிலிருந்து கெடுவைக் கணக்கிடுங்கள். அப்போதுதான் விடுமுறைப் பட்டியல் தவறு என்று பிறகு தெரிந்தாலும் பழைய டிக்கெட்டுகளைத் திரும்பக் கணக்கிட முடியும். நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிக் கேட்டால் போதும்:

```sql
SELECT id, owner_id, due_at
FROM sla_clock
WHERE state = 'running'
  AND warned_at IS NULL
  AND warn_at <= now();
```

கடைசி வரியைக் கவனியுங்கள். “இந்த ஒரு நிமிடத்துக்குள் வரும் எச்சரிக்கைகள்” என்று கேட்காமல் “இதுவரை வந்திருக்க வேண்டியவை எல்லாம்” என்று கேட்கிறது. சர்வர் பத்து நிமிடம் படுத்து எழுந்தாலும் நடுவில் விழுந்தவை தொலையாது, தாமதமாகவாவது அடிக்கும். வாங்கிய மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்டெஸ்கின் ஆட்டோமேஷன்கள் மணிக்கு ஒருமுறைதான் ஓடும். அரை மணி நேரக் கெடுவுக்கு அதை நம்பி எச்சரிக்கை வைத்தால், பல நேரம் கெடு தவறிய பிறகுதான் மணி அடிக்கும்.

8. சில கடிகாரங்கள் எந்த விடுமுறையிலும் நிற்காது. அவற்றை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள்.

தகவல் கசிவு, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற வாடை வரும் டிக்கெட் ஒன்று என்றைக்காவது வரும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, அப்படிப்பட்ட சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கசிவைப் பற்றித் தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் தன் நாட்டு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். அவர் சொல்ல வேண்டுமென்றால் நாம் அவருக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறும் 16-ம் தேதியும் இங்கே கணக்கில்லை. இதற்கென்று 24 மணி நேரக் காலண்டரில் ஒரு தனிக் கொள்கை வைத்து, அந்த டிக்கெட்டில் காத்திருப்பு நிலையைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

9. கெடு தவறப்போவது உறுதியானால், தவறும் முன் எழுதுங்கள்.

வெள்ளி மாலை 7 மணிக்கு, 8.55-க்குள் முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்போதே லியோனுக்கு எழுதுங்கள்: பிரச்சினை எங்கே இருக்கிறது, இப்போதைக்குக் கடை எப்படிப் பில் அடிக்கலாம், அடுத்த தகவல் எந்த மணிக்கு. மாற்று வழி கொடுத்துவிட்டால் அதைத் தீர்வாக எண்ணலாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். எண்ணக்கூடாது என்று இருந்தால் டிக்கெட்டை மூடாதீர்கள். சிவப்பு விழட்டும். மூடி மறுநாள் புது டிக்கெட்டாகத் திறப்பது, கெடுவின் தேதியைக் கையால் நகர்த்துவது இரண்டையும் வாடிக்கையாளர் தன் பக்கப் பதிவில் பார்த்துவிடுவார். `due_at`-ஐக் கையால் மாற்றும் உரிமையை யாரிடமும், உங்கள் லீடிடமும் விட்டு வைக்க வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால், யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் பதிவாகட்டும்.